வெளிநாட்டில் இருப்பவர் முன்னாள் மாணவர் சங்கப் பதவியை மறுப்பது எப்படி, சிறு உதவியை முன்வைப்பது எப்படி

படித்து முடித்து வெளிநாட்டுக்குப் போன சில வருடங்களில் பலருக்கும் இப்படி ஓர் அழைப்பு வரும். சங்கத்தின் புதிய நிர்வாகக் குழுவை அமைக்கிறார்கள். உங்களுக்கு மேல் வகுப்பில் படித்த அண்ணன் ஒருவரோ அக்கா ஒருவரோ கூப்பிட்டு, "இந்த முறை நீதான் செயலாளர், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்பார். உங்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு, சங்கத்தின்மேல் அக்கறையும் உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பை இவ்வளவு தூரத்திலிருந்து செய்ய முடியாது என்பதும் உள்ளுக்குள் தெரியும்.

இப்படி முதல்முறை கேட்கப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் "நேரமில்லை", "நேர வித்தியாசம் அதிகம்" என்று சொல்லி மறுக்கப் பார்க்கிறார்கள். அது நிற்பதில்லை. கூட்டத்தை உங்கள் வசதிக்கு மாற்றிவைக்கிறோம் என்று எதிர்த்தரப்பு சொன்னதும் அந்தக் காரணம் விழுந்துவிடும். காரணத்தை உங்கள் வசதியில் வைக்காமல், அந்தப் பதவி செய்யவேண்டிய வேலையில் வைக்க வேண்டும். நேரில் இல்லாத ஒருவரால் செய்ய முடியாத வேலைகள் அந்தப் பதவிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டினால் மறுப்பு தெளிவாக இருக்கும், யாருடைய மனமும் புண்படாது.

முதலில்: குழுவில் பதில் சொல்லாதீர்கள், ஆனால் மௌனமாகவும் இருக்காதீர்கள்

அழைப்பு தனியாக வந்தால் பரவாயில்லை. பல நேரம் வாட்ஸ்அப் குழுவில்தான் உங்கள் பெயரை முன்மொழிவார்கள். நீங்கள் தூங்கி எழுவதற்குள் முப்பது வாழ்த்துகள் குவிந்திருக்கும். இந்த இடத்தில் சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினாலும் அதே பொருள்தான். குழுவிலேயே நீளமாக மறுத்து எழுதினாலோ, முன்மொழிந்தவர் எல்லார் முன்னாலும் சங்கடப்படுவார்.

அன்றைக்கே குழுவில் இரண்டு வரி மட்டும் எழுதுங்கள். "என் பெயரை நினைத்ததற்கு நன்றி. நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. சங்க விதிகளைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் இந்த வாரத்துக்குள் பேசுகிறேன், அதுவரை பட்டியலில் சேர்க்க வேண்டாம்." இதில் நடு வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. பின்னால் யாராவது "அவரே ஏற்றுக்கொண்டார்" என்று சொன்னால், இல்லை என்று காட்ட அந்த ஒரு வரி போதும்.

முறைப்படி தேர்தல் நடத்தும் சங்கமாக இருந்தால் வேட்புமனு எப்போது முடிகிறது, வாபஸ் வாங்கக் கடைசி நாள் எது என்று உடனே கேளுங்கள். போட்டியில் ஒரே ஒரு பெயர் இருந்தால் வாபஸ் தேதி தாண்டியதுமே போட்டியின்றித் தேர்வானதாக அறிவித்துவிடுவார்கள். அதற்குப்பின் மறுப்பது வேறு வேலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதிகளை வாங்கிப் படியுங்கள்

பதிவுபெற்ற சங்கம் என்றால் எழுத்தில் விதிகள் இருக்கும். துணைவிதிகள், அமைப்பு விதிகள், சட்டதிட்டங்கள் என்று பெயர் மாறலாம். தற்போதைய செயலாளரிடம் ஒரு பிரதி கேளுங்கள். அது உங்கள் மறுப்புக்கு அடித்தளம், பின்னால் தரப்போகும் உதவிக்கும் அதுதான் எல்லை. முழுவதையும் படிக்கத் தேவையில்லை, நான்கு இடங்களைத் தேடினால் போதும்.

ஒன்று, அந்தப் பதவியின் கடமைகள். இரண்டு, கூட்டங்களுக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்ற விதி. தொடர்ந்து இத்தனை செயற்குழுக் கூட்டங்களுக்கு வராதவர் பதவி இழப்பார் என்று பல சங்கங்கள் எழுதி வைத்திருக்கின்றன. மூன்று, கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கையில் இணையவழியில் கலந்துகொள்பவரும் கணக்கில் வருவாரா என்பது. பழைய விதிகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அப்படியானால் நீங்கள் திரையில் வந்து அளிக்கும் வாக்கு செல்லுமா என்ற கேள்வி எழும், ஒரு சர்ச்சையான தீர்மானம் வரும்போது யாராவது அதை எழுப்பவும் செய்வார்கள். நான்கு, வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர்கள் யார் என்பது.

இந்த நான்காவதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது பரவலான ஏற்பாடு. புதிய நிர்வாகிகள் வந்ததும் வங்கி அவர்களின் அடையாள ஆவணம், முகவரிச் சான்று, கையெழுத்து மாதிரி எல்லாம் கேட்கும். பல வங்கிகள் நேரில் வரச் சொல்லும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் மற்ற இருவரில் ஒருவர் உடல்நலமில்லாமல் படுத்தாலே சங்கத்தின் பணம் அசையாது. நிகழ்ச்சிக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டவேண்டிய வாரத்தில்தான் அது தெரியவரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவுபெற்ற சங்கங்கள் நிர்வாகிகளின் பட்டியலைப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்வது பல நாடுகளில் கட்டாயம். உங்கள் பெயரும் முகவரியும் அதில் ஏறினால் கணக்கு தாக்கல் செய்யாமை, வரிப் பாக்கி போன்றவற்றுக்கு வரும் கடிதங்கள் உங்கள் பெயருக்கும் வரலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் "பெயர் மட்டும்" என்பது காகிதத்தில் எங்குமே பெயர் மட்டுமாக நிற்பதில்லை.

எந்தப் பதவி, எவ்வளவு நேரில் இருக்க வேண்டும்

பொருளாளர் பதவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரசீது, காசோலை, தணிக்கையாளர், வங்கி எல்லாம் ஊரில் இருக்கும். செயலாளர் பதவியில் கடிதப் போக்குவரத்தும் கூட்டக் குறிப்பும் தூரத்திலிருந்து முடியும்தான். ஆனால் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, முத்திரை ஆகியவை செயலாளரின் பொறுப்பில் இருக்கும். கல்வி நிறுவனத்தின் தலைவரைப் போய்ப் பார்த்து அரங்கத்துக்கு அனுமதி வாங்குவதும் அவர்தான்.

தலைவர் பதவிதான் ஏமாற்றும். வெளியிலிருந்து பார்த்தால் மேடையில் அமர்ந்து பேசும் வேலை போலத் தெரியும். உண்மையில் பொதுக்கூட்டத்தை நடத்துவது, வாக்குகள் சமமாகும்போது தீர்மானிக்கும் வாக்கை அளிப்பது, இரண்டு உறுப்பினர்கள் மோதிக்கொள்ளும்போது இருவரையும் உட்கார்த்திவைத்துப் பேசுவது எல்லாம் தலைவரிடம்தான் வரும். அந்தக் கடைசி வேலையைத் தொலைபேசியில் செய்து வெற்றி பெறுவது மிகக் கடினம். துணைத்தலைவர் என்றால் லேசானது என்று நினைக்க வேண்டாம். தலைவர் விலகினால் அன்றே அந்த நாற்காலி உங்களுடையது என்று விதிகளில் இருக்கும்.

சாதாரண செயற்குழு உறுப்பினர் இடம் மட்டும் வேறு வகை. இணையவழிக் கூட்டத்தை விதி ஏற்றுக்கொண்டு, கையெழுத்து அதிகாரமும் இல்லை என்றால் தூரத்திலிருந்து அதைச் செய்யலாம். அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

ஒரு வருட வேலையை எழுதிப் பாருங்கள்

விதிகளைப் படித்த பிறகு, இப்போது அந்தப் பதவியில் இருப்பவரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். "கடந்த வருடம் நீங்கள் என்னென்ன செய்தீர்கள், மாதவாரியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விதியில் இல்லாத வேலைதான் அதிகம் வெளியே வரும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். சங்கம் இருக்கும் ஊரைவிட 8 மணி நேரம் பின்தங்கிய இடத்தில் வசிக்கிறார். செயலாளர் பதவிக்குக் கேட்கிறார்கள். செயற்குழு மாதம் ஒருமுறை ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடும். அது அவருக்கு அதிகாலை 2 மணி. அவர் இருக்கும் நாட்டில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அப்போது 3 மணி ஆகும். இதை மட்டும் காரணமாகச் சொன்னால் கூட்டத்தை மாலை 7 மணிக்கு மாற்றுவார்கள். அவருக்கு அது காலை 11 அல்லது 12, வசதியான நேரம்தான். ஆக, நேரம் உண்மையான தடையே அல்ல.

பழைய செயலாளரிடம் கேட்டபோது வந்த பட்டியல் வேறு கதை சொன்னது. வருடாந்தரச் சந்திப்புக்கு முந்தைய ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வளாகத்துக்குப் போக வேண்டும். அரங்கம், ஒலிபெருக்கி, உணவு ஏற்பாடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவர்களை நேரில் சந்திக்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் கையெழுத்திட்டுப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது மறைந்தால் சங்கத்தின் சார்பில் மாலையோடு போய் நிற்பவரும் செயலாளர்தான்.

இந்தப் பட்டியலில் தூரத்திலிருந்து முடிவது, முடியாதது என்று இரண்டாகப் பிரித்தால் அவருக்குத் தேவையான இரண்டும் கிடைத்துவிட்டன. முடியாத பகுதி மறுப்புக்கான காரணம். முடியும் பகுதியிலிருந்து ஒரு துண்டுதான் அவர் தரப்போகும் உதவி.

இங்கே உங்களுக்குள் ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த ஊரிலேயே இருந்தால் இந்தப் பதவியை ஏற்பீர்களா? ஏற்க மாட்டீர்கள் என்றால், வெளிநாட்டை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். நீங்கள் திரும்பி வந்த அன்றே அழைப்பும் திரும்பி வரும். அப்போது இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கும். "நிர்வாகப் பொறுப்பு எனக்கு ஒத்துவராது, அதோடு தூரமும் இருக்கிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது நேர்மையானது, பின்னாளில் உங்களையும் காப்பாற்றும்.

முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

அழைத்தவரிடம் குரலில் பேசுவது முக்கியம். உங்களுக்காக நாலு பேரிடம் பரிந்துரைத்தவர் அவர். மின்னஞ்சலில் ஒரு "இல்லை" வந்தால் அது அவருக்குக் கசக்கும். அவருக்கு வசதியான நேரத்தில் கூப்பிடுங்கள். வணக்கம், குசலம் எல்லாம் முடிந்ததும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் சங்கத்தைப் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் மறுத்தால், அதுவரை அவர் நம்பிக்கையோடு கேட்டிருப்பார்.

உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்.

"அண்ணா, விதிகளைப் படித்தேன், பழைய செயலாளரிடமும் பேசினேன். என்னால் இந்தப் பொறுப்பை ஏற்க முடியாது."

"ஏம்மா, கூட்டத்தை எல்லாம் ஜூமில் வச்சுக்கலாமே."

"கூட்டம் எனக்குப் பிரச்சினை இல்லை அண்ணா. கூட்டத்துக்கு வெளியேதான் வேலையே இருக்கு. அரங்கத்துக்கு முன்பணம், உதவித்தொகை மாணவர்களை நேரில் பார்க்கிறது, பதிவு அலுவலகம் எல்லாத்துக்கும் ஊரில் ஒரு ஆள் வேணும்."

"அதையெல்லாம் பசங்க பார்த்துப்பாங்க. நீ பெயருக்கு இரு."

"அப்படின்னா வேலை செய்யறவங்களே செயலாளரா இருக்கட்டும் அண்ணா. அவங்க ஓடியாடிச் செய்ய, பெயர் என்னுடையதா இருந்தா அவங்களுக்கே மனசு விட்டுப்போகும். கையெழுத்தும் நான் போடணும், நேரில் பார்க்காத செலவுக்கு எப்படிப் போடுவேன்?"

அந்தக் கடைசிப் பதில்தான் பெரும்பாலும் எடுபடுகிறது. ஏனென்றால் அது உங்களைப் பற்றியது அல்ல, சங்கத்தைப் பற்றியது. கணக்கு விஷயத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர் மேல் யாருக்கும் மதிப்பு குறையாது.

"வேறு ஆளே இல்லை" என்பதும் வரும். இதற்கு மறுமொழியாக யாருடைய பெயரையும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வகுப்புத் தோழன் ஊரில்தான் இருக்கிறான் என்பதற்காக அவனைக் கேட்காமல் அவன் பெயரைச் சொன்னால், உங்களுக்கு நேர்ந்ததை நீங்களே அவனுக்குச் செய்கிறீர்கள். முதலில் அவனிடம் கேட்டுவிட்டு, அவன் சரி என்ற பிறகே சொல்லுங்கள்.

"ஒரு வருஷம்தானே" என்றால் பதவிக்காலம் எவ்வளவு என்று விதியைக் காட்டுங்கள். பல சங்கங்களில் அது இரண்டு அல்லது மூன்று ஆண்டு. நடுவில் விலகினால் இடைக்காலத் தேர்வு நடத்த வேண்டிவரும், அது அவர்களுக்குத்தான் கூடுதல் தலைவலி.

இப்படியெல்லாம் பேசும்போது "அடுத்த முறை பார்க்கலாம்" என்ற சொல் வாயில் எளிதாக வந்துவிடும். திரும்பிப் போகும் திட்டம் உறுதியாக இல்லை என்றால் அதைச் சொல்லாதீர்கள். நீங்கள் மரியாதைக்குச் சொன்னதை அவர்கள் நாட்காட்டியில் குறித்துவைப்பார்கள்.

எழுத்தில் அனுப்பும் மறுப்பு

பேசிய அன்றோ மறுநாளோ மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைவருக்கும் தற்போதைய செயலாளருக்கும், தேர்தல் இருந்தால் தேர்தல் அதிகாரிக்கும் போக வேண்டும். மேலே சொன்னவர் அனுப்பியது போல் ஒரு மாதிரி:

> மதிப்பிற்குரிய தலைவர் அண்ணா அவர்களுக்கு,
>
> வணக்கம். வரும் நிர்வாகக் குழுவில் செயலாளர் பொறுப்புக்கு என் பெயரை முன்மொழிந்ததற்கு நன்றி. நேற்றுத் தொலைபேசியில் சொன்னபடி, இந்தப் பொறுப்பை நான் ஏற்க இயலாது. என் பெயரை வேட்பாளர் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றும், ஏற்கெனவே சேர்த்திருந்தால் நீக்கிவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நான் வெளிநாட்டில் வசிக்கிறேன். வளாக ஏற்பாடுகள், உதவித்தொகை நேர்காணல், வங்கி, பதிவு அலுவலகம் ஆகியவற்றுக்குச் செயலாளர் ஊரில் இருப்பது அவசியம் என்பதைப் பழைய செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
>
> இது கிடைத்ததற்கு ஒரு வரி பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும். வேறொரு வகையில் என்னால் செய்ய முடிந்ததைத் தனியே எழுதுகிறேன்.
>
> அன்புடன்,

இதில் "இயலாது" என்று இருக்கிறது, "சிரமமாக இருக்கும்" என்று இல்லை. சிரமம் என்றால் தீர்த்துவைக்கலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். குடும்பம், வேலை, உடல்நலம் எதுவும் இதில் இல்லை என்பதையும் பாருங்கள். ஒரு காரணம் போதும். இரண்டு மூன்று அடுக்கினால், அவற்றில் பலவீனமானதைப் பிடித்துத்தான் பேச்சு தொடரும்.

உதவியை இதே கடிதத்தில் விவரிக்காமல் விட்டதும் வேண்டுமென்றேதான். இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால் படிப்பவர்கள் உதவியை மட்டும் நினைவில் வைத்து, "அவர் ஒத்துக்கொண்டார், கொஞ்சம் குறைவாகச் செய்வார்" என்று செயற்குழுவில் சொல்லிவிடுவார்கள். மறுப்பு ஏற்கப்பட்டது என்று பதில் வந்த பிறகு, இரண்டு மூன்று நாளில் அடுத்த கடிதத்தை அனுப்புங்கள். அதைத் தள்ளிப்போடவும் கூடாது, சொன்னதை மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள்.

தரும் உதவியை எப்படித் தேர்ந்தெடுப்பது

"என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்கிறேன்" என்பது உதவி அல்ல. அதைக் கேட்டவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அல்லது எல்லாவற்றையும் சொல்வார்கள். நல்ல உதவிக்கு முடிவு இருக்க வேண்டும், என்றைக்கு முடியும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். உங்களால் ஒரு வாரம் முடியாமல் போனாலும் சங்கம் நின்றுவிடக் கூடாது. அதோடு, செயற்குழுவில் ஒருவர் அதற்குப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் முடிவெடுக்கும் சுமை மெல்ல உங்கள்மேல் வந்து, பெயர் இல்லாத செயலாளராகிவிடுவீர்கள்.

நம்முடைய ஆள் எடுத்துக்கொண்டது உறுப்பினர் பட்டியலைச் சரிசெய்யும் வேலை. சங்கத்திடம் 640 பெயர்கள் கொண்ட ஒரு பழைய விரிதாள் இருந்தது. பல எண்கள் இயங்கவில்லை, சிலர் இரண்டு தடவை இருந்தார்கள். எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. தனக்கு ஆட்களைத் தெரிந்த ஐந்து பேட்ச்களை மட்டும், ஏறக்குறைய 180 பெயர்களை, பத்து வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். வாரத்துக்கு மூன்று மணி நேரம். அவர் எழுதியது:

> அண்ணா, வணக்கம். மறுப்பை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. நான் செய்ய முன்வருவது இது. ஐந்து பேட்ச்களின் தொடர்பு விவரங்களைச் சரிபார்த்து, இரட்டைப் பெயர்களை நீக்கி, பத்து வாரத்தில் புதிய பட்டியலாகத் தருகிறேன். உறுப்பினர்களுக்கு அனுப்பும் படிவம் சங்கத்தின் கணக்கிலிருந்தே போகட்டும். சந்தேகம் வந்தால் கேட்கச் செயற்குழுவில் ஒருவரைச் சொல்லுங்கள். பட்டியலை ஒப்படைத்ததும் என் வேலை முடிந்தது. மீதி பேட்ச்களை அதே முறையில் செய்ய ஒருவருக்கு நான் ஒருமுறை விளக்கிக் காட்டுகிறேன்.

வேலையைத் தொடங்கும்போது அவர் கவனித்த சில விஷயங்கள் எந்த உதவிக்கும் பொருந்தும். படிவத்தைத் தன் சொந்த மின்னஞ்சலில் உருவாக்காமல், சங்கத்தின் கணக்கில் உருவாக்கி, தனக்குத் திருத்தும் அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டார். சொந்தக் கணக்கில் செய்திருந்தால், அவர் ஒருநாள் அந்தக் கணக்கை மூடும்போது சங்கத்தின் பட்டியலும் போய்விடும். படிவத்தில், இந்த எண்ணை மற்ற உறுப்பினர்களோடு பகிரலாமா என்ற கேள்வியைத் தனியாக வைத்தார். 180 பேரின் தொலைபேசி எண் என்பது சாதாரண விஷயம் அல்ல. சம்மதம் கேட்காமல் சேர்த்த பட்டியல் வியாபாரச் செய்திகள் அனுப்புகிறவர் ஒருவர் கைக்குப் போனால், அத்தனை பேரின் கோபமும் சங்கத்தின்மேல்தான் திரும்பும். ஒவ்வொரு பெயருக்கும் சரிபார்த்த தேதிக்கு ஒரு பத்தியும் சேர்த்தார். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து எது புதியது, எது பழையது என்று யாருக்கும் தெரியாது.

பட்டியல் வேலை பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. நீங்கள் இருக்கும் துறையைப் பற்றி இறுதியாண்டு மாணவர்களோடு இரண்டு இணைய உரையாடல்கள், சங்க மலருக்கு மூன்று பேட்டிகளை எழுதித் திருத்தித் தருவது, சங்கத்தின் இணையப் பக்கத்தைப் புதுப்பிப்பது எல்லாமே எண்ணிக்கையோடு சொல்லக்கூடியவை. "வழிகாட்டியாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பேருக்கு, எத்தனை உரையாடல் என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் ஏற்கவே வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் மற்ற பழைய மாணவர்களிடம் பணம் வசூலித்து உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் சேர்த்து அனுப்பும் வேலை. தூரத்தில் இருப்பவருக்கு ஏற்ற வேலை போலத்தான் தோன்றும், கேட்கவும் செய்வார்கள். ஆனால் உங்கள் கணக்கில் வந்து போகும் பணத்துக்கு வரித்துறையும் வங்கியும் உங்களிடம்தான் விளக்கம் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையைச் சங்கம் பெறுவதற்கே முன்அனுமதியோ பதிவோ தேவைப்படும் நாடுகளும் உண்டு, இந்தியா அவற்றில் ஒன்று. அந்தப் பதிவு இல்லாத சங்கத்துக்கு நீங்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பும் தொகை அதற்கே சிக்கலாக முடியலாம். அவரவர் பணத்தை அவரவரே, சங்கம் சட்டப்படி பெறக்கூடிய வழியில் அனுப்பட்டும். நீங்கள் அந்த வழி என்ன என்று செயற்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, மற்றவர்களுக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டங்களிலும் கவனம் வேண்டும். உதவிக்குக் கைகொடுத்ததும் "வெளிநாட்டு ஒருங்கிணைப்பாளர்" என்றோ "கௌரவ ஆலோசகர்" என்றோ அழைப்பிதழில் அச்சாகும். அன்பில் செய்வதுதான். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து ஆட்கள் உங்களிடம் புகார்களையும் நன்கொடைக் கேள்விகளையும் கொண்டுவருவார்கள். விதிகளில் அப்படி ஒரு பதவி இல்லை என்றால், அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்களைக் கேட்காமலே தேர்ந்தெடுத்துவிட்டால்

இதுவும் நடக்கிறது. பொதுக்கூட்டத்தில் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மாலையில் உங்களுக்குச் செய்தி வரும். அப்போது "ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதாதீர்கள். ராஜினாமா என்றால் ஒருமுறை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகிவிடும். "என் சம்மதம் பெறப்படவில்லை, இந்தத் தேர்வை நான் ஏற்கவில்லை" என்று எழுதுங்கள். தேதியோடு, தலைவருக்கும் செயலாளருக்கும் இயன்றவரை அன்றைக்கே போகட்டும். இந்தக் கடிதத்தை அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யவேண்டும் என்று அதிலேயே கேளுங்கள்.

அப்புறம் மூன்றை விசாரியுங்கள். நிர்வாகிகள் பட்டியல் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டதா? வங்கிக்குப் புதிய கையெழுத்தாளர்கள் பற்றிய தீர்மானம் போய்விட்டதா? சங்கத்தின் கடிதத்தாளில் பெயர் அச்சாகிவிட்டதா? போகவில்லை என்றால் உங்கள் பெயர் இல்லாத பட்டியலை அனுப்பச் சொல்வதோடு முடிந்துவிடும். பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தால், மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவத்தைச் சங்கம்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதன் ஒப்புகை நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் இருக்கும் நண்பர்கள் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அடுத்த நிர்வாகக் குழுவில் அவர்கள் இருக்க மாட்டார்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஒப்படைக்கும் நாள்

சொன்ன வேலை முடிந்ததும், முடிந்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பலர் கோப்பை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள், பிறகு மாதாமாதம் "இந்த எண்ணையும் மாத்திடுப்பா" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். பட்டியலைச் சரிசெய்தவர் பத்தாவது வாரம் அனுப்பிய செய்தியில் இவ்வளவுதான் இருந்தது: 180 பெயர்களில் 141 சரிபார்க்கப்பட்டன, 9 இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன, 30 பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, அவர்களின் பெயர்கள் தனித்தாளில் இருக்கின்றன. கோப்பு சங்கத்தின் கணக்கில் இருக்கிறது. இனி மாற்றங்களைச் செயற்குழுப் பொறுப்பாளரிடம் சொல்லவும், என் திருத்தும் அனுமதியை இன்று நீக்கிவிடவும். அந்தச் செய்தியைத் தனியாகப் பொறுப்பாளருக்கும், சுருக்கமாகக் குழுவிலும் போட்டார், யாரிடம் கேட்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்று.